பழுதுக்கு யாரைக் கூப்பிடுவது?

கேமரன் மலையில் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலம் முதல் இங்கே தோட்ட வீட்டில் குடியிருப்பவருக்கு முதலாளிதான் வீட்டுக்காரரும். ஆகவே புதிதாகக் குடிவருபவருக்குச் சாவியோடு கொடுக்கும் வரவேற்புக் கடிதத்தை, தானா ராத்தாவில் வாடகைக்கு விடுபவர் எழுதும் கடிதத்தோடு சேர்த்து எடைபோட முடியாது.

இந்த வரவேற்புக் கடிதத்தின் பலனை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை இரவில் மின்சாரம் போகிறது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால் கோளாறு நம் வீட்டுக்குள்தான். எல்லாச் சுவிட்சுகளையும் இறக்கி, மெயினைப் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எதை ஏற்றும்போது மறுபடி விழுகிறதோ அந்த இணைப்பில்தான் கோளாறு. குளிர் மலையில் வாட்டர் ஹீட்டர்மேல்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும். அதை இறக்கியே வைத்துவிட்டுத் தோட்டத்து வயர்மேனைக் கூப்பிடலாம். வரிசை முழுக்க இருண்டிருந்தால் தெனாகாவின் 15454. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும்; தெரியாதவர் ஈரக் கையோடு பெட்டியைத் திறக்காமல் தடுக்கும்.

ஆனால் ஊர்க் கடிதத்தை அப்படியே நகலெடுத்தால் இதே பகுதி தவறிப்போகும். தோட்ட நிர்வாகமே மொத்தமாக மின்சாரம் வாங்கி லயங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கோளாறு தோட்டத்துக் கம்பியில் இருந்தால் 15454-ஐ அழைத்துப் பயனில்லை. மீட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறொன்று. பழுதைச் சொல்ல வேண்டிய ஆளாகக் கடிதம் பெரும்பாலும் மண்டோரைத்தான் காட்டுகிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுப்பவரும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பவரும் அவரே. தகரக் கூரை ஒழுகுகிறது என்று அவரிடம் இரண்டாம் முறை போய்ச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பாத்திரத்தை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உத்தரம் இற்றபின்தான் நிர்வாகத்துக்குத் தெரிகிறது.

தோட்ட வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் சட்டக் கடமை. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அதைச் சொல்கிறது. மேற்பார்வை தொழிலாளர் இலாகாவுடையது. நான் பார்த்த கடிதங்களில் அந்த இலாகாவின் பெயரே இல்லை. நிர்வாகத்துக்கு அது சங்கடமாகத் தோன்றலாம். குடியிருப்பவருக்கோ மண்டோரைத் தாண்டி அது ஒன்றே வழி.

மொழியும் ஒரு குறைதான். இன்று லயங்களில் தமிழரோடு வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இருக்கிறார்கள். மலாயில் மட்டும் எழுதிய தாள் அவர்களில் பலருக்குப் பயன்படாது.

கடிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போதுள்ள வடிவில் அது பாதிக் கடிதம். நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பழுதுக்கு மண்டோர் அல்லாத ஒருவரை, அலுவலகக் கிராணியையாவது, நியமியுங்கள். புகார் சொன்ன தேதியை எழுதிக் கையெழுத்திட்ட துண்டு ஒன்றைக் குடியிருப்பவரிடம் கொடுங்கள். மின்சாரமும் தண்ணீரும் அன்றைக்கே, கூரை மூன்று நாளில் என்று கெடு எழுதுங்கள். அதன் கீழே தொழிலாளர் இலாகாவின் தொலைபேசி எண்ணையும் போடுங்கள்.