கல்தரையில் ஒரு பந்து

செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி குன்றுகளைச் சுற்றிலும் தரை கல்லும் சரளையுமானது. இப்படிப்பட்ட மண்ணில் ஹாக்கிப் பந்து சொன்ன வழியில் வராது. நேராக உருண்டு வந்து, ஒரு பொடிக்கல்லில் பட்டதும் முழங்கால் உயரத்துக்கு எகிறும். ஒலிம்பிக் ஹாக்கி 1976-ல் மாண்ட்ரியலில் செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இன்றும் மண்தான்.

அதனால் இங்கே முதல் பாடம் பந்தை நிறுத்துவது. மட்டையைச் செங்குத்தாகப் பிடித்தால் தடுக்கும் அகலம் சில விரல்கடைதான். முழங்காலை நன்றாக மடக்கி, இடது கை முட்டி மண்ணைத் தொடுமளவு தாழ்த்தி, மட்டையைத் தரையோடு படுக்கவைத்தால் முழு நீளமும் வேலியாகிறது. மட்டையை முன்பக்கம் லேசாகச் சாய்க்கவும் வேண்டும். எகிறும் பந்து அதில் மோதிக் கீழே அமுங்கும். வலது கை தளர்ந்திருக்க வேண்டும். 'டக்' என்ற சத்தத்தோடு பந்து திரும்பி ஓடினால் பிடி இறுக்கம் என்று அர்த்தம்.

அடுத்தது புஷ். மட்டையை ஓங்குவதில்லை. வலது பாதத்துக்குச் சற்று முன்னே, பந்தோடு ஒட்டியே மட்டை இருக்கும். இடது தோள் இலக்கைப் பார்க்க, உடல் எடை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறும்போது பந்து தள்ளப்படுகிறது. நல்ல புஷ்ஷில் அடிக்கும் சத்தமே கேட்காது. அந்த மௌனம் எவ்வளவு அழகு!

டிரிப்பிளிங்கில் மட்டையை இடமும் வலமும் புரட்டும் வித்தை சமதரைக்கானது. மேடுபள்ளத்தில் பந்தை வலது முன்புறம் வைத்து, ஓரடிக்கு மேல் விலகாமல் சின்னச் சின்னத் தட்டலாக நகர்த்துவதே கைகொடுக்கும்.