பழைய பிரதி எங்கே?

கையால் எழுதிய எச்.டி.எம்.எல் பக்கங்களுக்கு ஆதரவான குரல் மறுபடி வலுத்திருக்கிறது. வேர்டுபிரஸ் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம், மாதம் தவறாமல் வந்து நிற்கும் செருகுநிரல் அப்டேட்டுகள் வேண்டாம். ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், ஒரு சிபேனல் கணக்கு, ஃபைல்ஜில்லா, இவை போதும் என்கிறார்கள். இந்த வாதத்தின் முதல் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாம் பாதி தவறு. பக்கத்தின் எளிமைக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டை, அதை ஏற்றும் முறைக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கையால் எழுதிய பக்கம் வேறு எதையும் நம்பி நிற்பதில்லை. ஹோஸ்டிங் நிறுவனம் பிஎச்பி பதிப்பை மாற்றினாலும் அது உடையாது. `public_html` அடைவில் கோப்பை வைத்தால் அடுத்த நொடி உலகம் படிக்கும். முதன்முறை தளம் அமைப்பவருக்கு, ஃபைல் மேனேஜரில் தன் பக்கத்தைத் திறந்து ஒரு வரியை மாற்றி, உடனே பிரௌசரில் பார்ப்பதைவிட நல்ல பாடம் கிடையாது. இவை உண்மையான பலங்கள்.

எஃப்டிபி மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டிலும் நான் நேரம் செலவிடப் போவதில்லை. 1971இல் அபய் பூஷண் எழுதிய அந்த நெறிமுறை கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்புகிறது என்பது மெய்தான். 2009இல் கம்ப்ளர் என்ற தீநிரல், கணினிகளிலிருந்து எஃப்டிபி கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டே தளங்களுக்குள் நுழைந்தது. ஆனால் கம்பிவழிக் கசிவுக்கு எஃப்டிபிஎஸ், எஸ்எஃப்டிபி என்று தீர்வுகள் உண்டு. ஃபைல்ஜில்லாவில் ஒரு தேர்வை மாற்றினால் போதும். என் ஆட்சேபம் வேறு. கடவுச்சொல்லை எவ்வளவு பூட்டினாலும் அது தீராது.

ஆட்சேபம் இதுதான்: இந்த முறையில் ஒவ்வொரு சேமிப்பும் முந்தைய பிரதியைத் தடயமில்லாமல் அழிக்கிறது. இது ஏதோ ஒரு மென்பொருளின் பிழையல்ல. 1985இல் வந்த ஆர்.எஃப்.சி 959 என்ற தர ஆவணமே, `STOR` கட்டளை வரும்போது அதே பெயரில் கோப்பு இருந்தால் அதன் உள்ளடக்கத்தைப் புதியதால் மாற்றிவிட வேண்டும் என்கிறது. ஃபைல் மேனேஜரில் நீக்கிய கோப்பாவது, நாமே வேண்டாமென்று சொல்லாதவரை, `.trash` அடைவில் கிடக்கும். எடிட்டரில் திறந்து, மாற்றி, சேமித்த கோப்பின் பழைய வடிவம் அங்கேயும் போவதில்லை. நீக்கியதை மீட்கலாம், திருத்தியதை மீட்க முடியாது என்பதுதான் இந்தப் பேனல் நமக்குத் தரும் ஏற்பாடு.

ஒரு சிற்றிதழின் தளத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஜனவரியில் எழுதிய `index.html` வடிவமைப்பாளரின் மடிக்கணினியிலும் இருக்கிறது, தளத்திலும் இருக்கிறது. மார்ச்சில் ஆசிரியர் சந்தாவுக்கான தொலைபேசி எண் மாறியதைக் கவனித்து, அலுவலகத்திலிருந்தே சிபேனலில் நுழைந்து, ஃபைல் மேனேஜரில் எண்ணைத் திருத்துகிறார். இரண்டு நிமிட வேலை என்பதால் யாருக்கும் சொல்லவில்லை. ஏப்ரலில் வடிவமைப்பாளர் தன் மடிக்கணினியில் உள்ள ஜனவரிப் பிரதியைத் திறந்து, புதிய இதழின் அட்டைப்படத்தையும் பொருளடக்கத்தையும் சேர்த்து, ஃபைல்ஜில்லாவில் ஏற்றுகிறார். கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, என்ன செய்ய என்று ஒரு பெட்டி கேட்கிறது. அவர் பொறுப்பானவர். கண்ணை மூடிக்கொண்டு `Overwrite` கொடுக்காமல் `Overwrite if source newer` என்பதைத் தேர்கிறார். மடிக்கணினிக் கோப்பின் தேதி ஏப்ரல், தளத்தில் உள்ளதன் தேதி மார்ச். எது புதியது என்பதில் மென்பொருளுக்குச் சந்தேகமே இல்லை. பழைய தொலைபேசி எண் மறுபடி தளத்தில் ஏறிவிடுகிறது.

இந்தக் கதையில் யாரும் கவனக்குறைவாக நடக்கவில்லை. தவறு எங்கே என்றால், தேதியை வைத்துப் பிரதியின் வழித்தோன்றலைக் கண்டுபிடிக்க முடியும் என்ற நம்பிக்கையில். கோப்பின் தேதி அது கடைசியாக எப்போது சேமிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லும். எந்தப் பிரதியிலிருந்து எது பிறந்தது என்பதைச் சொல்லாது. இருவரும் தனித்தனியே செய்த திருத்தங்களை ஒன்றாக்க மூன்று பிரதிகள் வேண்டும்: ஆசிரியருடையது, வடிவமைப்பாளருடையது, இரண்டுக்கும் மூலமான ஜனவரிப் பிரதி. மூலத்தோடு ஒப்பிட்டால்தான், எண்ணை மாற்றியது அவர், பொருளடக்கத்தைச் சேர்த்தது இவர் என்று தெரியும். ஜனவரிப் பிரதியை ஆசிரியரும் மேலெழுதிவிட்டார், வடிவமைப்பாளரும் மேலெழுதிவிட்டார். எஃப்டிபி கையில் எஞ்சியவை இரண்டே பிரதிகள். அவற்றில் ஒன்றை அழித்துத்தான் மற்றதை வைக்கும்.

ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் ஒரு தலைவலி என்போம். ஆனால் பதிப்பாசிரியர்கள் பாடம் தேர்ந்தெடுக்க முடிந்ததே, முந்தைய ஏடும் பிந்தைய ஏடும் இரண்டுமே எங்கோ ஒரு வீட்டுப் பரணில் தப்பிக் கிடந்ததால்தான். எழுதி முடித்த கையோடு மூல ஏட்டை எரித்துவிட்டிருந்தால், ஒப்பிட எதுவும் எஞ்சியிருக்காது. ஃபைல் மேனேஜரின் சேமிப்புப் பொத்தான் செய்வது அந்த எரிப்பைத்தான்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த இழப்பு இன்னும் கூர்மையாக வரும். யூடிஎஃப்-8இல் 'க' என்ற எழுத்து மூன்று பைட்டுகள்: `E0 AE 95`. இவற்றை லத்தீன் எழுத்துக்குறியீட்டில் திறந்தால் `à®•` போன்ற குப்பை திரையில் தெரியும். சிபேனல் எடிட்டர் கோப்பைத் திறக்கும்போது எந்தக் குறியீட்டில் திறப்பது என்று கேட்பது இதனால்தான். பலர் அந்தக் கேள்வியைப் படிப்பதே இல்லை. பக்கம் முழுக்க `à®` தெரிந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் பைட்டுகள் இன்னும் உள்ளே இருக்கும், சரியான குறியீட்டில் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். `????` என்று தெரிந்தால் கதை வேறு. தமிழ் எழுத்துகளே இல்லாத ஒரு குறியீட்டில் யாரோ சேமித்திருக்கிறார்கள், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகவே எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து எதையும் மீட்க வழியில்லை. அப்போது கேட்க ஒரே கேள்விதான் உண்டு, பழைய பிரதி எங்கே? இந்த முறையில் அதற்குப் பதில் இல்லை.

பதில் இல்லாததை மக்கள் உணராமல் இல்லை. அதனால்தான் எந்தப் பழைய தளத்தின் `public_html` அடைவைத் திறந்தாலும் `index_old.html`, `index2.html`, `index_final.html`, `contact.php.bak` என்று கோப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. வரலாறு இல்லாத இடத்தில் கோப்பின் பெயரைக் கொண்டு வரலாறு எழுதும் முயற்சி இது. எந்த `old` எதைவிடப் பழையது என்று ஓர் ஆண்டு கழித்து எழுதியவருக்கே தெரியாது. அதைவிட மோசம், அந்த வரலாறு முழுக்க வெளியுலகின் பார்வையில் கிடக்கிறது. `contact.php` முகவரியைக் கேட்டால் சேவையகம் நிரலை இயக்கி முடிவை மட்டும் தரும். `contact.php.bak` கேட்டால், பல சேவையகங்களில், உள்ளே உள்ள கடவுச்சொல்லோடு நிரலையே தூக்கிக் கொடுத்துவிடும். எஃப்டிபி ஏற்றம் கோப்புகளைச் சேர்க்குமே தவிர, நம் கணினியில் நாம் நீக்கியதை அங்கேயும் நீக்காது. மறந்த கோப்பு மறந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

ஹோஸ்டிங் நிறுவனம்தான் தினமும் பேக்கப் எடுக்கிறதே என்பார்கள். அது வட்டு பழுதாவதற்கான காப்பு. பேக்கப் ஓடிய நேரத்தில் கோப்பு எப்படி இருந்தது என்பது மட்டும் அதில் இருக்கும். மார்ச்சில் திருத்தியது ஏப்ரலில் அழிந்து, ஜூனில் ஒரு வாசகர் பழைய எண்ணுக்கு அழைத்துக் கிடைக்கவில்லை என்று கடிதம் போட்டால், அதற்குள் மார்ச் மாதப் பேக்கப் சுழற்சியில் போயிருக்கும். இருந்தாலும், எந்த நாள் பேக்கப்பில் எந்த வரி சரி என்பதைச் சொல்ல அதில் எந்தக் குறிப்பும் இல்லை.

இத்தனைக்கும் பரிகாரம் கையால் எழுதுவதை விடுவதல்ல. எழுதும் இடத்தை மாற்றுவது. மூலம் எப்போதும் நம் கணினியில் ஒரே அடைவில் இருக்க வேண்டும், அந்த அடைவை கிட் காக்க வேண்டும், கோப்புகள் அங்கிருந்து சேவையகத்துக்கு ஒரே திசையில் மட்டும் போக வேண்டும். எஸ்எஸ்எச் தரும் கணக்காக இருந்தால் இவ்வளவுதான்:

```
git add -A
git commit -m "சந்தா தொலைபேசி எண் திருத்தம்"
rsync -avn --delete --exclude=.git \
  --exclude=.well-known --exclude=cgi-bin \
  ./ user@host:public_html/
```

`-avn` என்பதில் உள்ள `n`, எதையும் மாற்றாமல் என்ன மாறும், என்ன நீங்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் `n` இல்லாமல் மறுபடி ஓட்டலாம். விலக்கிய அடைவுகளுக்குக் காரணம் உண்டு. `.well-known` அடைவைச் சான்றிதழ் புதுப்பிப்பு பயன்படுத்தும், அது நீங்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் சேவையகத்தில் உள்ள `.htaccess` கோப்பைக் கட்டாயம் கீழிறக்கி மூலத்தில் சேர்க்க வேண்டும். பிஎச்பி பதிப்பை மாற்றும்போது சிபேனலே அந்தக் கோப்பில் நம்மைக் கேட்காமல் வரிகளை எழுதிவைக்கும். எஸ்எஸ்எச் இல்லாத மலிவுக் கணக்குகளில் `lftp` நிரலின் `mirror -R --delete` கட்டளை, அதே அடைவுகளை `--exclude-glob` கொண்டு விலக்கினால், இதே வேலையை எஃப்டிபி வழியாகவே செய்யும். எஃப்டிபியை வெறும் வண்டியாக வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

இதெல்லாம் சிக்கல், எங்கள் முறைதான் எளிது என்று இனியும் சொல்பவரிடம் ஒன்றைக் கேட்கிறேன். இன்றிரவு உங்கள் ஹோஸ்டிங் கணக்கு முழுதாக மறைந்துபோனால், நேற்று வாசகர்கள் படித்த அதே தளத்தை உங்கள் கணினியிலிருந்து நாளைக் காலை திரும்ப வைக்க முடியுமா? முடியும் என்றால் உங்களிடம் ஏற்கெனவே மூலம் இருக்கிறது, ஃபைல் மேனேஜரில் எழுத உங்களுக்கு அவசியமே இல்லை. முடியாது என்றால், தளத்தின் ஒரே பிரதி இன்னொருவருடைய வட்டில் இருக்கிறது. ஃபைல் மேனேஜரின் எடிட்டரைக் கற்றுக்கொள்ளும் முதல் நாளோடு மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகும் அதில் எழுதுவதைப் பரிந்துரைப்பவர்கள், எழுத்தைக் காக்கும் பொறுப்பை எழுதியவரின் கையிலிருந்து பிடுங்கிவிட்டு அதற்கு எளிமை என்று பெயர் வைக்கிறார்கள்.