அடிப்பிடிக்காத பத்துக் கிலோ

மாதனூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பந்திக்கு ஒரு மணி நேரம் முந்தியே மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்விடுவது நல்லது. பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூர் வரைக்கும் நெடுஞ்சாலையில் பிரியாணிப் பலகைகள் வரிசையாக வரும். ஆனால் அந்தப் பிரியாணியின் வேலைத்திறனைப் பார்க்க வேண்டுமென்றால் விறகடுப்பும் தேக்சாவும் இருக்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும். மாஸ்டர் அங்கே ஓயாமல் கவனிப்பது ஒன்றைத்தான்: இந்த நிமிஷம் பாத்திரத்துக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது?

பத்துக் கிலோ சீரக சம்பாவுக்குப் பத்துக் கிலோ ஆட்டுக்கறி என்று வைத்துக்கொள்வோம். எண்பது முதல் நூறு பேர் வரை சாப்பிடலாம். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் வீட்டுக் கணக்கிலிருந்து பத்தால் பெருக்கிவிடலாம். தண்ணீரை மட்டும் பெருக்கக் கூடாது. பாத்திரம் பெரிதாகும்போது கொள்ளளவு ஏறுகிற வேகத்தில் வாயகலம் ஏறுவதில்லை. அதனால் ஒரு கிலோவுக்கு ஆவியாகிப் போகிற பங்கு குறைந்துவிடுகிறது. கறி விடுகிற தண்ணீரும் தயிரும் தக்காளியுமே பெரும்பாலும் போதும். கறி முக்காலுக்கு மேல் வெந்த நிலையில், துண்டுகளின் தலை மசாலாவுக்கு வெளியே தெரிய வேண்டும். மேலே சிவப்பு எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். துண்டுகள் முழுகிக் கிடந்தால் கீழ்ச்சோறு குழையும். மசாலா கறியோடு ஒட்டிக்கொண்டு எண்ணெய் மட்டும் சலசலத்தால், அரிசி விழுந்த கொஞ்ச நேரத்தில் அடி பிடிக்கும்.

அரிசி போடுவதற்கு முன் மாஸ்டர் செய்கிற ஒரு சின்ன வேலையைப் பலர் கவனிப்பதில்லை. தட்டையான முனையுள்ள நீளக் கரண்டியால் அடியை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒருமுறை முழுக்க வழித்துவிடுகிறார். வெங்காயத்தின் சர்க்கரையும் தயிரும் மிளகாய் விழுதும் கீழே படிந்து, மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும். கறி கொதிக்கும்வரை அது ஈரமாக இருப்பதால் தொல்லை இல்லை. மேலே சோறு ஏறியபிறகு அங்கே கரண்டி போகாது. அந்தத் தோல்தான் முதலில் கருகும். தம்மின்போது அடிப்பிடித்ததாக நாம் நினைப்பதில் பாதி, தம் போடும் முன்பே தொடங்கிவிட்டது. வழித்த கரண்டியில் பழுப்புப் படலம் வந்தால், ஒரு குவளை வெந்நீர் விட்டுக் கரைத்து, கலங்கிய அடி தெளிந்தபிறகே அரிசி.

அரிசி அரைமணி நேரம் ஊறியது. பக்கத்து அடுப்பில் உப்புப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்பு தூக்கலாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் சோறு சப்பென்று போய்விடும். முதல் கண்கரண்டி எடுக்கும்போது பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவே வெள்ளைப் புள்ளி நன்றாகத் தெரிகிறது. அரைப் பதத்துக்கு ஒரு படி மேலே. அது மசாலாவின் மேல் முதல் அடுக்காக விழுகிறது. பத்துக் கிலோவையும் அள்ளி முடிக்கச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் பின்னால் வருகிற அரிசி முக்கால் பதத்தைத் தாண்டிவிடும். அது மேலடுக்கு. இந்தத் தாமதத்தில் ஓர் அழகு இருக்கிறது. மசாலாவின் ஈரத்தில் உட்காரும் கீழ்ச்சோறு வேக இன்னும் இடம் இருக்கிறது. வெறும் ஆவியை நம்பியிருக்கும் மேல்சோறு முக்காலும் வெந்தே வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வந்து சேர்கின்றன. வரிசை மாறினால் கீழே களி, மேலே நறுக்கரிசி. அடுக்கை அமுக்கவும் கூடாது. பருக்கைக்கு நடுவே இருக்கும் சந்துதான் ஆவிக்கு வழி. தேக்சாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாததும் இதற்காகத்தான். மேல்கனம் கூடினால் சீரக சம்பா மாதிரிச் சின்ன அரிசி அடியில் நசுங்கி ஆவியை அடைத்துவிடும்.

பிறகு மூடி. ஐதராபாத்தில் விளிம்பைச் சுற்றி மாவு ஒட்டுவார்கள். இங்கே பெரும்பாலும் நனைத்துப் பிழிந்த துணியை வாயில் விரித்து, கனமான மூடியை அமுக்கி, விளிம்பில் ஆவி கசிகிற இடத்தில் துணியைத் திணிப்பதோடு சரி. அடுத்து எரிகிற விறகை வெளியே இழுத்துவிட்டு, தணலில் ஒரு பங்கை மூடியின் மேல் அள்ளிப் போடுகிறார்கள். அந்தக் கங்கின் வேலை மேல்சோற்றுக்குச் சூடு காட்டுவது மட்டுமில்லை. மூடி குளிர்ந்திருந்தால் ஏறிவரும் ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிச் சோற்றின் மேல் சொட்டும், அங்கங்கே திட்டுத்திட்டாகக் குழையும். மூடி சூடாக இருந்தால் ஆவி ஆவியாகவே உள்ளே சுற்றும். தப்பிச் சொட்டுவதைத் துணி வாங்கிக்கொள்ளும்.

அடுப்பில் மிஞ்சிய தணலை நடுவில் குவிக்காமல் ஓரமாக வட்டம் போட்டுப் பரப்ப வேண்டும். ஈயம் பூசிய செம்புத் தேக்சா என்றால் சூட்டை அடி முழுக்கப் பகிர்ந்துவிடும்; எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும் உலோகம் செம்பு. எவர்சில்வர் பாத்திரத்தில் கங்கு பட்ட இடம் பட்டபடியே சுட்டு, அங்கங்கே வட்டமாகக் கருகும். அதற்கு அடியில் கனமான இரும்புத் தட்டு வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அடியில் ஈரம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் வற்றிய இடத்தில்தான் அது ஏறத் தொடங்கும். இதை மாஸ்டர் காதால் பிடிக்கிறார். பாத்திரத்தோடு காதைச் சாய்த்தால் முதலில் குமுகுமுவென்று மெல்லிய கொதிச் சத்தம் கேட்கும். அது தளர்ந்து, எண்ணெய் பொரியும் வறண்ட சடசடப்பு வந்தால் அடித்தணலை உடனே வழித்துவிட வேண்டும். கருகல் வாசனை வரும்வரை காத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் அடித்தணல் வெளியே போகிறது. அதன்பிறகு மூடியைத் தொடாமல் கால்மணி நேரமாவது விட வேண்டும். இத்தனை பெரிய பொதி சீக்கிரம் ஆறாது. உள்ளே வேக்காடு நடந்துகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் கீழே தேங்கிய ஈரம் மேலே ஏறிச் சமமாகும், ஊதி நொய்ந்திருக்கும் பருக்கை கொஞ்சம் இறுகும். கொதியோடு திறந்து கிளறினால் சீரக சம்பா உடைந்து நொய்யாகும். தம் உடைக்கும்போதும் நடுவில் கரண்டியை இறக்குவதில்லை. ஓரமாகத் தட்டைச் செருகி, அடிவரை போய், மசாலாவோடு வெட்டி எடுத்து வெள்ளைச் சோற்றின் மேல் புரட்டுகிறார்கள். பந்திக்குப் பந்தி அந்த ஒரு பக்கம்தான் இறங்கும். மறுபக்கம் மூடியே கிடக்கும்.

ஒருவேளை அடி பிடித்துவிட்டால்? கிளறுவது பெரிய தப்பு; ஒரு கரண்டிக் கருகல் பத்துக் கிலோவுக்கும் ஏறும். மேலே உள்ளதை மென்மையாக வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கடைசி இரண்டு அங்குலத்தை அப்படியே விட்டுவிட வேண்டும்.

வேலை எப்படி என்று தீர்ப்பு சொல்ல, கத்திரிக்காயோடு ஒரு வாய் சாப்பிட்டால் மட்டும் போதாது. பந்தி முடிந்த தேக்சாவுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். கரண்டி பட்டதும் உரிந்து வரும் சிவந்த படலம் இருந்தால் தம் கச்சிதம். மசாலாவும் தண்ணீரும் தேங்கி நின்றால் தணல் போதவில்லை. நடுவில் மட்டும் கறுப்பு வட்டம் என்றால் தணல் குவிந்துவிட்டது. அடி முழுக்கக் கறுப்பு என்றால் அரிசி போடும்போதே மசாலா வறண்டிருந்தது. அடுத்த தேக்சாவுக்கு எதைத் திருத்துவது என்பதை மாஸ்டர் அங்கேதான் படிக்கிறார்.