செய்வினை, செயப்பாட்டுவினை கற்பித்தலில் பிழை காணும் பயிற்சி: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

உயர்நிலை வகுப்புகளில் செய்வினை, செயப்பாட்டுவினைத் தொடர்களைக் கற்பிக்கப் பிழை காணும் பயிற்சி பரவலாகப் பயன்படுகிறது. பயிற்சியில் இடம்பெறும் பிழை எவ்வகையைச் சார்ந்தது என்பதைப் பிரித்தறியாமல் மதிப்பெண் வழங்கினால், மாணவரின் அறியாமை எங்குள்ளது என்பது புலப்படாது. மயிலாடும்பாறை வட்டார மாணவர்க்குப் பழக்கமான முல்லைப் பெரியாறு அணைச் செய்தியைக் கொண்டு அமைத்த ஆறு தொடர்களின் வழி இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: செயப்பாட்டுவினை, துணைவினை, வேற்றுமை உருபு, பிழை காணல், பேச்சு வழக்கு.

முன்னுரை

தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் தொடர் இலக்கணப் பகுதியில் செய்வினை, செயப்பாட்டுவினை ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. செயப்படுபொருள் எழுவாயாகும், ஐ உருபு நீங்கும், செய்தவர் பெயர் ஆல் உருபேற்கும், வினையடி படு என்னும் துணைவினையோடு சேரும். இம்மாற்றங்களை மாணவர் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆயினும் பிழையுள்ள தொடரைக் கண்டறியச் சொன்னால் தடுமாறுகின்றனர். இத்தடுமாற்றத்திற்குக் கவனக்குறைவு மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது.

பேச்சு வழக்கும் செவியுணர்வும்

ஒருவர் தம் தாய்மொழியில் பிழை காணும்போது பெரும்பாலும் செவியையே நம்புகிறார். ‘நேற்று வருவான்’ என்னும் தொடர் பிழையெனக் கண்டறியச் சிறுவர்க்கும் இலக்கணம் தேவையில்லை. செயப்பாட்டுவினையில் இந்தத் துணை கிட்டுவதில்லை. படு சேர்ந்த செயப்பாட்டுவினை பேச்சுத் தமிழில் அரிது. ‘அணை கட்டப்பட்டது’ என்பதைப் பேச்சில் ‘அணையக் கட்டுனாங்க’ என்றோ ‘அணை கட்டியாச்சு’ என்றோதான் கூறுவர். ஆகவே மயிலாடும்பாறை மாணவர்க்கு இவ்வமைப்பு வீட்டில் கேட்டறிந்ததாக அமையாது. செய்தித்தாளிலும் அலுவலக அறிவிப்பிலும் கண்டறிந்ததாகவே அமையும். வாய்விட்டுப் படித்துப் பிழையைக் கண்டுபிடிக்குமாறு கூறும் அறிவுரை இங்குப் பயன் தராது. உருபையும் வினையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழியே மாணவர்க்கு வேண்டும்.

ஆறு தொடர்கள்

முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. பென்னிகுவிக் தலைமையில் நிகழ்ந்த இப்பணி, மேற்கு நோக்கி ஓடிய நீரைக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பியது. இச்செய்தியை ஒட்டிப் பின்வரும் தொடர்களை மாணவரிடம் கொடுக்கலாம்.

1. பெரியாற்றின் குறுக்கே அணையைக் கட்டப்பட்டது.
2. பென்னிகுவிக்கால் இப்பணியை மேற்கொண்டார்.
3. அணையின் நீர் சுரங்கம் வழியே திருப்பப்பட்டது.
4. அந்நீரால் வயல்கள் செழித்தன.
5. நீரைக் கொண்டுசெல்ல வாய்க்கால்கள் வெட்டப்பட்டது.
6. முன்னர் மக்கள் பஞ்சத்தால் துன்பப்பட்டனர்.

முதல் தொடரிலும் இரண்டாம் தொடரிலும் உள்ளவை உண்மையான வினைப் பிழைகள். முதலாவதில் வினை செயப்பாட்டுவினையாக மாறியிருக்க, பெயர் செய்வினைக்குரிய ஐ உருபை விடாமல் நிற்கிறது. இரண்டாவதில் பெயர் ஆல் உருபேற்றிருக்க, வினை மாறவில்லை. இரண்டிலும் மாற்றம் பாதியில் நின்றுவிட்டது. ‘பென்னிகுவிக் இப்பணியை மேற்கொண்டார்’ என்றும் ‘பென்னிகுவிக்கால் இப்பணி மேற்கொள்ளப்பட்டது’ என்றும் இரண்டாவதை இரு வகையிலும் திருத்தலாம். விடைக்குறிப்பில் ஒன்றை மட்டும் தந்தால், சரியாகத் திருத்திய மாணவரும் மதிப்பெண் இழப்பார்.

மூன்றாம், நான்காம், ஆறாம் தொடர்கள் பிழையற்றவை. எல்லாத் தொடரிலும் பிழை உண்டென்று அறிந்த மாணவர், ஆராயாமலேயே ஏதேனும் ஓர் உறுப்பை மாற்றிவிடுவார். பிழையற்ற தொடர்களைக் கலப்பதன் முதற்பயன் இப்பழக்கத்தைத் தடுப்பதாகும். நான்காம் தொடருக்கு வேறொரு பயனும் உண்டு. ஆல் உருபு வரும் இடமெல்லாம் செயப்பாட்டுவினை என எண்ணிய மாணவர் ‘செழிக்கப்பட்டன’ என்று திருத்துவார். மூன்றாம் வேற்றுமை கருத்தாவை மட்டுமன்றிக் கருவியையும் உணர்த்தும். ஏதுப் பொருளிலும் வரும். செழி என்னும் வினைக்குச் செயப்படுபொருளே இல்லாமையால் அது செயப்பாட்டுவினை ஆகாது. இவ்வொரு தவறான திருத்தம், அம்மாணவர் குன்றிய வினை, குன்றாவினை வேறுபாட்டைக் கற்கவில்லை என்பதை ஆசிரியர்க்குக் காட்டிவிடும்.

ஆறாம் தொடர் படு என்னும் வடிவத்தைச் சோதிக்கிறது. படுவை நீக்கினால் எஞ்சுவது எது என்று பார்ப்பதே இங்கு எளிய வழி. ‘கட்டப்பட்டது’ என்பதில் ‘கட்ட’ என்னும் வினையெச்சம் எஞ்சும். ஆகவே அது செயப்பாட்டுவினை. ‘துன்பப்பட்டனர்’ என்பதில் துன்பம் என்னும் பெயர் எஞ்சும். அங்குப் படு என்பது அடைதல் என்னும் பொருளில் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. கவலைப்பட்டான், ஆசைப்பட்டாள் ஆகியவையும் இவ்வாறே. ‘துன்பப்படுத்தப்பட்டனர்’ என்பதில் எஞ்சுவது ‘துன்பப்படுத்த’ என்னும் எச்சம் ஆதலின் அது செயப்பாட்டுவினையே.

வேறு வகைப் பிழை

ஐந்தாம் தொடர் தனித்து நோக்கத்தக்கது. ‘வாய்க்கால்கள் வெட்டப்பட்டன’ என்பதே திருத்தம். பல வகுப்புகளில் இது செயப்பாட்டுவினைப் பிழையாக மதிப்பிடப்படுகிறது. அத்தொடரிலோ ஐ நீங்கியுள்ளது; படு சேர்ந்துள்ளது; செயப்பாட்டு அமைப்பு முழுமையாக உள்ளது. பிழை எண்ணில் மட்டுமே உள்ளது. பேச்சில் அஃறிணைப் பன்மைக்கும் ஒருமை முற்றே வழங்குவதால் ‘மாடுகள் மேய்ந்தது’ எனச் செய்வினையிலும் மாணவர் இவ்வாறே எழுதுகின்றனர். எனவே, முதல் தொடரைத் திருத்தி ஐந்தாம் தொடரைத் தவறவிட்ட மாணவர்க்கு வினை மாற்றத்தை மீண்டும் கற்பிப்பதில் பயனில்லை. அவர்க்கு வேண்டுவது ஒருமை பன்மைப் பயிற்சி. இருவகைப் பிழைகளுக்கும் மதிப்பெண்ணைத் தனித்தனியே குறித்தால்தான் இது தெரியவரும்.

விடைக்குறிப்பின் வரம்பு

படு இல்லாமலும் செயப்படுபொருள் எழுவாய்போல் நிற்பதைத் தமிழ் மரபு ஏற்கிறது. செயப்படுபொருளைச் செய்ததுபோலக் கூறும் வழக்கைத் தொல்காப்பிய வினையியல் குறிப்பிடுகிறது. நன்னூலும் அதனை உடன்படுகிறது. திண்ணை மெழுகிற்று என்பது உரையாசிரியர் காட்டும் சான்று. திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது என வாதிட்டு அதனைப் பிழையெனக் குறிக்கும் விடைக்குறிப்பு, இலக்கண மரபுக்கே மாறானது. ‘வீடு கட்டியாயிற்று’ என்பதற்கும் இது பொருந்தும். இத்தகைய தொடரைப் பயிற்சியில் சேர்ப்பின், மாணவர் கூறும் காரணத்தை வகுப்பில் கேட்ட பின்னரே மதிப்பிடுதல் வேண்டும்.

மற்றொரு வரம்பும் உண்டு. பிழை காணும் பயிற்சி தொடரின் வடிவத்தைச் சோதிக்குமேயன்றி, அத்தொடர் அவ்விடத்திற்குத் தக்கதா என்பதைச் சோதிக்காது. ‘கண்மாய் தூர்வாரப்படவில்லை’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஒன்றிய அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதும் மாணவர் இத்தொடரை எழுதும்போது, தூர்வார வேண்டியவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. செய்தவரைச் சுட்டுவதா, விடுவதா என்னும் தெரிவே செயப்பாட்டுவினையின் பயன்பாடு. திருத்திய தொடர்களைக் கொண்டு ஒரு செய்திக்குறிப்பும் ஒரு விண்ணப்பமும் எழுதச் செய்தால் இத்தெரிவு பயிற்சிக்குள் வரும்.

முடிவுரை

பிழை காணும் பயிற்சியின் மதிப்பு அதிலுள்ள பிழைகளின் எண்ணிக்கையால் அமைவதில்லை. வினைப் பிழை, எண் பிழை, பிழையற்ற தொடர் ஆகிய மூன்றும் கலந்திருக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரியில் காரணம் கேட்கப்பட வேண்டும். ‘செழிக்கப்பட்டன’ என்று எழுதிய மாணவரின் காரணம், சரியான விடையைவிட ஆசிரியர்க்கு மிகுதியாக உணர்த்தும். அடுத்த வகுப்பில் எதைக் கற்பிப்பது என்பதை அதுவே முடிவு செய்யும்.