கட்டாயத்தின் எல்லையை வரைவது யார்?

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திருத்தத்துக்குத் திரும்பி வரும்போது, பெரும்பாலும் இரண்டு மூன்று மதிப்பாய்வாளர்களின் குறிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். மேலே பதிப்பாசிரியரின் ஒரே வரி: எல்லாக் குறிப்புகளுக்கும் பதில் தருக. முடிவையே புரட்டிவிடக்கூடிய புள்ளியியல் பிழையும், வரைபடத்தின் நிறம் பற்றிய விருப்பமும் அங்கே சம எடையோடு நிற்கும். கட்டுரையின் தலைவிதி அந்த மதிப்பாய்வாளர்கள் கையில் இருப்பதால், ஆசிரியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். அறிவுநேர்மையை இந்தப் பணிவு அரிக்கிறது என்று பொருளியலாளர் புரூனோ ஃபிரே 2003-இல் கடுமையாகவே எழுதினார். ஜோனதன் பெர்க், கேம்பல் ஹார்வி, டேவிட் ஹிர்ஷ்லைஃபர் மூவரும் 2017-இல் ஒரு மாற்றுவழியை முன்வைத்தார்கள்: கட்டுரை வெளியாவதற்குத் தடையாக இருக்கும் குறைகளை மதிப்பாய்வாளர் தனியாக எழுதட்டும், மற்றவை யோசனைகள், ஏற்பதும் விடுவதும் ஆசிரியர் பாடு. இந்தப் பிரிப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த அளவுகோலால் பிரிக்கிறோம், யார் பிரிக்கிறார்கள் என்ற இரண்டும் தெளிவாகாவிட்டால், பழைய சுமைக்குப் புதிய தலைப்புகள் மட்டுமே மிஞ்சும்.

உதாரணத்துக்கு ஒரு கட்டுரையைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு நெல் ரகங்களைத் தொட்டிகளில் வளர்த்து, உப்புநீர் விட்டு, ஒரு ரகம் உப்பைத் தாங்குகிறது, கடலோர உழவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் உப்புநீர் விட்ட தொட்டிகள் நான்கு. தொட்டிக்கு ஐந்து இலைகளை அளந்து, 20 தனித்தனி மாதிரிகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் மதிப்பாய்வாளர் இதைப் பிடிக்கிறார்: உப்பு பெற்றவை தொட்டிகள், ஆகவே மாதிரிகள் நான்குதான். இரண்டாமவர் வயல் சோதனை வேண்டும் என்கிறார். மூன்றாமவர் உப்பைக் கையாளும் மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கச் சொல்கிறார். கூடவே ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டவும் சொல்கிறார். நான்கு கோரிக்கைகளுமே கண்டிப்பான தொனியில்தான் எழுதப்பட்டிருக்கும். தொனியை வைத்துத் தரம்பிரிக்க முடியாது. ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இதைச் செய்யாவிட்டால் கட்டுரையின் எந்த வாக்கியம் விழும்? மாதிரி எண்ணிக்கையைத் திருத்தாவிட்டால் மையமுடிவே ஆட்டம் காணும், அது கட்டாயம். மரபணு அளவீடு இல்லாவிட்டால் எந்த வாக்கியமும் விழாது, ஏனென்றால் தாங்குதிறனின் காரணத்தைப் பற்றிக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. ஐந்து மேற்கோள்களில் முடிவோடு தொடர்பில்லாதவற்றை யோசனைப் பட்டியலில்கூடச் சேர்க்காமல் பதிப்பாசிரியரே நீக்கிவிட வேண்டும்.

வயல் சோதனைதான் சிக்கலானது. ஒரு பருவம் முழுவதையும் விழுங்கும் அந்த வேலையைக் கட்டாயம் என்பதும் தவறு, விருப்பம் என்பதும் தவறு. அது இல்லாவிட்டால் விழுவது உழவர்களுக்கான பரிந்துரை ஒன்றுதான். ஆகவே ஆசிரியருக்கு இரண்டு வழிகள் உண்டு: சோதனையைச் செய்யலாம், அல்லது பரிந்துரையை எடுத்துவிட்டுத் தொட்டிச் சூழலில் கண்டதை மட்டும் சொல்லலாம். கட்டாயமாவது, கூற்றும் சான்றும் ஒன்றுக்கொன்று பொருந்துவதுதான்; எந்தப் பக்கத்தைச் சரிசெய்வது என்பது ஆசிரியரின் உரிமை. இரண்டு பெட்டி மட்டும் வைத்திருக்கும் படிவங்கள் இந்த வழியை மறைத்துவிடுகின்றன. இந்த நடைமுறையின் பெரிய குறையாக நான் காண்பது இதைத்தான்.

யார் பிரிப்பது? மதிப்பாய்வாளரிடமே விட்டால் தன் குறிப்புகள் அனைத்தையும் அவர் கட்டாயத்தில் எழுதிவிடும் ஆபத்து உண்டு. ஒருவர் கட்டாயம் என்பதை இன்னொருவர் தேவையற்றது என்றும் சொல்லலாம். 2012-இல் தொடங்கிய இலைஃப் இதழ் இதற்கு நல்ல விடை கண்டது: மதிப்பாய்வாளர்கள் ஒருவர் குறிப்பை மற்றவர் படித்துக் கலந்து பேசினார்கள், பிறகு பதிப்பாசிரியர் இன்றியமையாத திருத்தங்களை ஒரே கடிதமாகத் தொகுத்தார். எல்லா நுட்பத்துறையும் பதிப்பாசிரியருக்குத் தெரியுமா என்று கேட்கலாம். தெரியாதுதான். ஆனால் நெல் கட்டுரையில் கேட்ட மரபணுச் செயல்பாட்டை எப்படி அளப்பது என்பது தெரியாமலேயே, கட்டுரை அதைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா என்று அவரால் பார்க்க முடியும். அளவீட்டு முறையே சர்ச்சையானால் மதிப்பாய்வாளர்களைக் கேட்கலாம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: விருப்பம் என்று எழுதினாலும் ஆசிரியர் அஞ்சி அனைத்தையும் செய்வார். அடுத்த சுற்றில் அதே மதிப்பாய்வாளர் தீர்ப்புச் சொல்லும் வரை அந்த அச்சம் நியாயமானதே. யோசனைகளை ஏற்காதது முடிவைப் பாதிக்காது என்று கடிதத்தில் எழுதுவதோடு, இரண்டாம் சுற்றில் கட்டாயப் பட்டியலை மட்டும் பதிப்பாசிரியரே சரிபார்த்தால் அச்சம் குறையும். அந்தச் சுற்றில் புதிய கோரிக்கை எழுந்தால், திருத்தத்தில் புதிதாக வந்த பகுதியைப் பற்றியதா என்று அவர் பார்க்க வேண்டும். முன்பே இருந்த பகுதியைப் பற்றியது என்றால், அது முடிவைப் பொய்யாக்கும் பிழையாக இருந்தால் ஒழிய, யோசனையாக மட்டுமே அனுப்பலாம். 2023 முதல் இலைஃப் இன்னும் தள்ளிப் போயிருக்கிறது: மதிப்பாய்வுக்குப் பின் ஏற்பு, நிராகரிப்பு என்ற தீர்ப்பே இல்லை, மதிப்பாய்வு கட்டுரையோடு வெளியாகிறது, திருத்துவதா என்பதை ஆசிரியர் முடிவுசெய்கிறார். அச்சம் ஓரளவு விலகும்தான். ஆனால் சான்று நிறைவுபெறவில்லை என்ற மதிப்பீடு கட்டுரையின் தலைமாட்டில் அச்சாகும்போது, எந்தத் திருத்தம் அந்தச் சொல்லை அகற்றும் என்று ஆசிரியர் கேட்கத்தான் செய்வார். அதற்குத் தெளிவாகப் பதில் எழுத வேண்டிய பொறுப்பு அங்கும் பதிப்பாசிரியருடையதே.