பெருங்காயத்தின் பக்குவம்

ஆடியில் கேழ்வரகுக் கூழுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்கிற பக்கம் நம்முடையது. படவேட்டு ரேணுகாம்பாளைக் கும்பிடும் ஊர்களில் வெங்காயத்தின் மேல் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. அதே சந்தவாசல் வட்டாரத்தில் வெங்காயமும் பூண்டும் அடுப்பங்கரைப் படி ஏறாத சமையலும் உண்டு. அதை ஒரே சமையல் என்று நினைத்துவிடக் கூடாது. எதை விலக்குகிறார்கள், அதற்கு ஈடாக எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

போளூரை அடுத்த திருமலை சமணத் தலம். ஆரணி, வந்தவாசிப் பக்கம் பரவியிருக்கும் நயினார் குடும்பங்களில் நோன்பைக் கண்டிப்பாகக் காப்பவர்கள் மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு வகைகளையே தொடமாட்டார்கள். இஞ்சி ஆகாது, ஆனால் காய்ந்த சுக்கு ஆகும். பச்சை மஞ்சள் கிழங்கு ஆகாது, மஞ்சள் தூள் ஆகும். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிய வேண்டும் என்பதும் அவர்கள் கணக்கு.

கோயில் மடைப்பள்ளி வழி வேறு. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மிளகாயைப் பழைய பிரசாதங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் காரம் மிளகாலும் சுக்காலும்தான், வாசனைக்குச் சீரகம். பிராமண வீட்டுத் தளிகை இதைவிடத் தாராளம். மிளகாய், இஞ்சி, தேங்காய் எல்லாம் உண்டு. அங்கே பாரம் முழுவதையும் சுமப்பது பெருங்காயம்.

காரணம் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, பெருங்காயம் மூன்றின் மணத்துக்கும் மூலம் கந்தகச் சேர்மங்கள். ஆனால் குழம்பில் வெங்காயம் மணத்தை மட்டும் தருவதில்லை. கொஞ்சம் இனிப்பும் தருகிறது, குழம்புக்கு உடலும் தருகிறது. பெருங்காயத்தால் பின்னிரண்டும் முடியாது. வெங்காயத்தை எடுத்துவிட்டுப் பெருங்காயத்தை இரட்டிப்பாகப் போடுகிறவர்கள் தோற்பது இங்கேதான். குழம்பு தண்ணீராக ஓடும், மருந்துக்கடை வாடை மட்டும் மிஞ்சும்.

நாலு பேருக்கான அரைத்துவிட்ட சாம்பாரை எடுத்துக்கொள்வோம். துவரம்பருப்பு 100 கிராம், எலுமிச்சை அளவு புளி. இனிப்புக்காக மஞ்சள் பூசணி 200 கிராம். பத்தையை மெல்லியதாக நறுக்கினால் கரைந்துபோகும், ஒரு அங்குலக் கனம் வேண்டும். உடலுக்காக அரைப்பது: கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5, தனியா 2 மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி.

ஒரு கரண்டி கடலெண்ணெயில் முதலில் பாதிப் பட்டாணி அளவு கட்டிப் பெருங்காயத்தைப் போடுங்கள். தீ சிறுசாக இருக்கட்டும். அது உப்பிப் பொரிந்து, விரலால் நசுக்கினால் நொறுங்குகிற பதத்தில் எடுத்துவிட வேண்டும். நடுவில் இழுபட்டால் இன்னும் வேகவில்லை. ஓரம் கருத்தால் கசப்பு. அதே எண்ணெயில் கடலைப்பருப்பு பாதி சிவந்த பிறகே வெந்தயம், பிறகு மிளகாய், தனியா. வெந்தயம் முந்திக்கொண்டால் பருப்பு சிவப்பதற்குள் கருகிவிடும். அந்தக் கசப்பை வெல்லம் போட்டு மறைக்க முடியாது. தேங்காயை அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே புரட்டினால் போதும். பெருங்காயத்தையும் சேர்த்து அரைத்து, பூசணி புளித்தண்ணீரில் வெந்து பச்சை வாடை போனதும் வெந்த பருப்போடு விடுங்கள். ஐந்து நிமிடக் கொதியில் கரண்டியின் முதுகில் ஒட்டிநிற்கும் பதம் வரும்.

கடைசித் தாளிப்பில் கடுகு வெடித்து அடங்கட்டும். அடுப்பை அணைத்த பிறகு கறிவேப்பிலையும் ஒரு சிட்டிகை பெருங்காயத்தூளும். முதலில் பொரித்தது குழம்புக்குள் அடங்கி நிற்கும். இந்தச் சிட்டிகைதான் மூடியைத் திறக்கும்போது எழும். இரண்டையும் ஒரே தடவையில் போட்டால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

கடையில் கிடைக்கும் கட்டி, தூள் இரண்டிலும் பெரும்பாலும் வேறு பிசினும் மாவும் கலந்திருக்கும். சுத்தப் பெருங்காயப் பிசின் அப்படியே சமையலுக்கு ஆகாத அளவு வீரியமானது. கோதுமை ஒவ்வாதவர்கள் உறையைப் படிப்பது நல்லது. சரக்கு பெரும்பாலும் ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் ஆராய்ச்சிக்காரர்கள் நாற்று நட்டார்கள். செடி பிசின் தர ஐந்து வருடம்போல ஆகும்.

என் மதிப்பில் மிகக் கடினமான சமையல் திவசத்து அன்றுதான். பல வீடுகளில் அன்று மிளகாயோடு பெருங்காயத்தையும் விட்டுவிடுவார்கள். மிஞ்சுவது மிளகு, சீரகம், கறிவேப்பிலை, நெய். பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து வேகவைத்து, மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகப் பொடித்து நெய்யில் பொரித்துக் கொட்டுகிறார்கள். மிளகை மைய அரைத்தால் காரம் தொண்டையில் இறங்கும், மணம் இருக்காது. சவ்வாது மலையில் விளையும் சாமைச் சோற்றுக்கும் இந்தப் பருப்பு நன்றாகவே பொருந்தும். சோறு கொஞ்சம் குழைவாக இருக்கட்டும், சாமை ஆறினால் உதிர்ந்து வறண்டுவிடும்.