ஐபி முகவரி சொல்லும் நாடு: அப்புத்தளையில் சோதித்துப் பார்த்தபோது

அப்புத்தளை நகருக்குக் கொஞ்சம் கீழே, தம்பேதன்னைப் பக்கம் போகும் வழியில், ஒரு சின்ன தங்குமிடத்துக்கு முன்பதிவுப் பக்கம் தயாரித்துக் கொடுக்கும் வேலை வந்தது. லிப்டன் சீட் பார்க்க வருகிறவர்கள் தங்கும் இடம். உரிமையாளர் கேட்டது சாதாரண விஷயம்தான். இலங்கைக்குள் இருந்து பக்கத்தைத் திறந்தால் உள்நாட்டு விலை ரூபாயில் தெரிய வேண்டும், வெளியிலிருந்து திறந்தால் டொலரில் தெரிய வேண்டும். திறப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க, அவருடைய ஐபி முகவரியைத் தேடிப் பார்க்கும் கருவியைப் பொருத்தினேன். மேக்ஸ்மைண்ட் நிறுவனம் இலவசமாகக் கொடுக்கும் GeoLite2-Country என்ற தரவுக்கோப்பு அது.

பயன்படுத்த எளிது என்பதில் சந்தேகமில்லை. கணக்கு ஒன்றைத் திறந்து கோப்பை இறக்கிக்கொண்டால் போதும். சில மெகாபைட்தான். தேடல் நம் சேர்வருக்குள்ளேயே நடப்பதால் இணையம் மெதுவாக இருக்கும் நாளிலும் பதில் கண்ணிமைக்கும் முன் வந்துவிடும்; விருந்தினரின் முகவரியை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டியதுமில்லை. கட்டளை வரியில் சோதித்துப் பார்ப்பது இப்படி:

```
mmdblookup --file GeoLite2-Country.mmdb \
  --ip 8.8.8.8 country iso_code

  "US" <utf8_string>
```

இந்த இரண்டெழுத்துப் பதில் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இதை வைத்து விலை போடக் கூடாது. ஐபி முகவரிக்குள் நாட்டைக் குறிக்கும் இலக்கம் எதுவும் கிடையாது. தொலைபேசி எண்ணில் 94 இலங்கை, 91 இந்தியா என்று இருப்பதுபோல முகவரியில் இல்லை. முகவரிகள் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கப்படுகின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கு அந்த வேலையைச் செய்வது பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்நிக். அது ஒரு தொகுதியை ஒரு நிறுவனத்தின் பெயரில் பதியும்போது நாடு என்று ஒரு வரியும் சேர்கிறது. தரவுக்கோப்பு தயாரிப்பவர்கள் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு, வலையமைப்பு நடத்துபவர்கள் தரும் தகவலையும் தாங்களே அளந்து பார்த்ததையும் சேர்த்து, இந்தத் தொகுதி இன்ன நாட்டில் பயன்படுகிறது என்று ஊகிக்கிறார்கள். கோப்பில் இரண்டு புலங்கள் தனித்தனியாக இருப்பதற்கு இதுவே காரணம். `registered_country` என்பது தொகுதி பதிவான நாடு. `country` என்பது அது பயன்படுவதாக அவர்கள் ஊகிக்கும் நாடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஓரளவு நம்பலாம். வேறுபட்டால் அந்தப் பதிலைக் கவனமாகக் கையாள வேண்டும்.

பதிவான நாட்டுக்கும் இயந்திரம் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதை யாரும் தங்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். 1.1.1.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளவுட்ஃபிளேர் 2018 ஏப்ரலில் தொடங்கிய பெயர்தேடல் சேவையின் முகவரி அது. ஆனால் முகவரித் தொகுதி ஏப்நிக்குக்குச் சொந்தமானது. பதிவேட்டைக் கேட்டால்:

```
whois -h whois.apnic.net 1.1.1.1

inetnum:  1.1.1.0 - 1.1.1.255
netname:  APNIC-LABS
country:  AU
```

AU என்றால் ஆஸ்திரேலியா. இப்போது அதே முகவரிக்கு `ping` கொடுத்துப் பதில் வரும் நேரத்தைப் பாருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால், ஒரு மில்லிசெகண்ட் பதில் நேரத்துக்கு 100 கிலோமீட்டர் என்று கணக்கு வைக்கலாம். அப்புத்தளையிலிருந்து பிரிஸ்பேன் 8,500 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே அங்கிருந்து 85 மில்லிசெகண்டுக்குள் பதில் வரவே முடியாது. 10 மில்லிசெகண்டில் பதில் வந்தால், பேசிய இயந்திரம் 1,000 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, பதிவேடு என்ன சொன்னாலும் சரி. ஒரே முகவரியை உலகின் பல இடங்களில் உள்ள இயந்திரங்கள் அறிவிப்பதால், ஒவ்வொருவருடைய கேள்வியும் வலைப்பாதையில் தனக்கு அருகில் உள்ளதற்குப் போகிறது. இந்த நேரக் கணக்கு ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீக்கிரம் வந்த பதில் ஒரு நாட்டை இல்லை என்று நிரூபிக்கும். தாமதமாக வந்த பதில் எதையும் நிரூபிக்காது, சுற்றுவழியில் வந்திருக்கலாம். விருந்தினர்களின் ஃபோன்களுக்கு இந்தச் சோதனையே செய்ய முடியாது. அவை `ping`-க்குப் பதில் சொல்வதில்லை. வெளியே தெரியும் முகவரியும் பெரும்பாலும் அவர்களுடையது அல்ல, பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஒன்று.

தங்குமிடத்தில் இது எப்படித் தவறியது என்று சொல்கிறேன். சென்னையிலிருந்து வந்த இருவர், இன்னும் ஒரு இரவு தங்கலாம் என்று முடிவெடுத்து முற்றத்தில் நின்றபடியே பக்கத்தைத் திறந்தார்கள். கருவி இந்தியா என்றது. உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இவங்க என் கண்ணு முன்னாடி நின்னுதானே திறந்தாங்க. இங்க இருக்கிற டவர்லதானே சிக்னல் வருது. பிறகு எப்படி இந்தியா?”

“அண்ணே, சிக்னல் இங்கதான். இணையத்துக்குள்ள நுழையிற வாசல் அங்க இருக்கு” என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் நடப்பதை முழுதாகப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டு சிம் ரோமிங்கில் இருக்கும்போது, அப்புத்தளைக் கோபுரம் வாங்கும் டேட்டாவை இங்குள்ள நிறுவனம் பெரும்பாலும் நேராக இணையத்துக்குள் விடுவதில்லை. அதை ஒரு மூடிய பாதையில் சிம் வழங்கிய நிறுவனத்தின் வலையமைப்புக்கே அனுப்பிவிடும். கட்டணமும் கட்டுப்பாடும் அங்கே இருப்பதால் இந்த ஏற்பாடு. அந்த நிறுவனத்தின் வாசலில்தான் ஃபோனுக்கு ஐபி முகவரி கிடைக்கிறது. எனவே தரவுக்கோப்பு பொய் சொல்லவில்லை. அந்த முகவரி இந்தியாவில் இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் கை ஊவா மலையில் இருக்கிறது.

பயணிகள் வாங்கும் ஈசிம் இன்னும் சிக்கலானது. அவற்றை விற்கும் நிறுவனங்கள் பலவும் வேறொரு நாட்டு வலையமைப்பின் சிம் அடையாளத்தை வாங்கி விற்கின்றன. ஜெர்மனிக்காரர் ஒருவர் எல்ல ரயிலில் இருந்து பக்கத்தைத் திறந்தால், கருவி சிங்கப்பூர் என்றோ ஹொங்கொங் என்றோ சொல்லலாம். அவர் வந்த நாடும் அதில் இல்லை, இருக்கும் நாடும் இல்லை.

மறுபக்கமும் உண்டு. இலங்கைக்குள் இருந்துகொண்டே வெளிநாட்டவராகத் தெரிபவர்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்திலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது, வீபிஎன் என்ற சொல் தோட்டங்களிலும் புழக்கத்துக்கு வந்தது. மத்திய கிழக்கில் வேலை செய்யும் அம்மாவிடம் வாட்ஸ்அப்பில் பேச வேண்டிய பிள்ளைக்கு அது தேவையாக இருந்தது. அப்போது நிறுவிய செயலி பலருடைய ஃபோனில் இன்னும் ஓடுகிறது. நெதர்லாந்து வாசல் வழியாக வரும் பண்டாரவளைக்காரருக்கு நம் பக்கம் டொலர் விலை காட்டினால், அவர் அதை மூடிவிட்டுப் போய்விடுவார். எனக்கு இதுதான் பெரிய குறை. ரோமிங்கில் வருபவருக்குத் தவறான விலை தெரிந்தால் நேரில் பேசித் தீர்க்கலாம். திரும்பிப் போன உள்ளூர்க்காரர் வந்ததே நமக்குத் தெரியாது.

இதற்கு நான் கண்ட நல்ல துணை, உலாவியின் நேர வலயப் பெயர். பக்கத்துக்குள் ஒரு வரி போதும்:

```
Intl.DateTimeFormat().resolvedOptions().timeZone
```

பெரும்பாலான ஃபோன்கள் நேரத்தைத் தானாகவே உள்ளூருக்கு மாற்றிக்கொள்வதால், சென்னை சிம் இருந்தாலும் வீபிஎன் ஓடினாலும் இது `Asia/Colombo` என்று சொல்லும். நிரலாளர்கள் வழக்கமாக எடுக்கும் `getTimezoneOffset()` இங்கே உதவாது. இலங்கையும் இந்தியாவும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் இரண்டுக்கும் -330 என்றே வரும். பெயரைத்தான் கேட்க வேண்டும். யாராவது ஃபோனில் நேரத்தைக் கையால் அமைத்திருந்தால் இதுவும் தவறும். ஆனால் ஐபி தவறும் காரணமும் இது தவறும் காரணமும் வேறுவேறு என்பதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இருக்கிறது.

ஐபி தேடல் தவறுவதற்குக் கோப்பு பழசாவது இன்னொரு காரணம். ஏப்நிக்கிடம் தாராளமாகக் கொடுக்கப் பழைய வகை முகவரிகள் 2011 ஏப்ரலோடு தீர்ந்துவிட்டன. அதன்பிறகு நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று தொகுதிகளை விலைக்கு வாங்குகின்றன. நேற்று ஐரோப்பாவில் இருந்த தொகுதி இன்று கொழும்பில் பயன்படலாம், ஆறு மாதம் புதுப்பிக்காத கோப்பு அதை ஐரோப்பா என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வலையமைப்பு நடத்துபவர்கள் தாங்களே இடத்தை அறிவிக்க ஒரு வழி 2020இல் வரையறுக்கப்பட்டது. முகவரித் தொகுதி, நாடு, மாகாணம், ஊர் என்று காற்புள்ளியிட்டு எழுதும் சாதாரண உரைக்கோப்பு. அப்புத்தளைக்கு ஒரு மாதிரி வரி எழுதினால் இப்படி இருக்கும் (முகவரி உதாரணத்துக்கென ஒதுக்கப்பட்டது, LK-8 ஊவா மாகாணம்):

```
203.0.113.0/24,LK,LK-8,Haputale,
```

நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வரைபடப் புள்ளியை நம்பாதீர்கள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அதுவும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. நாடு மட்டும் தெரிந்து ஊர் தெரியாத முகவரிக்கும் சில சேவைகள் ஒரு அகலாங்கு நெட்டாங்கு கொடுத்துவிடும். நாட்டின் நடு என்று வைத்துக்கொண்ட புள்ளி அது. மேக்ஸ்மைண்ட் முன்பு வெளியிட்ட நாட்டுப் பட்டியலில் இலங்கைக்கு இருந்தது 7.0000, 81.0000. அந்த எண்களை வரைபடத்தில் போட்டால் பதுளை நகருக்கு மேற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டரில் விழும். மன்னாரில் இருப்பவருக்கும் மாத்தறையில் இருப்பவருக்கும் அதே புள்ளிதான். அமெரிக்காவில் இப்படியொரு புள்ளி, 38, -97, கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்திருந்தது. 60 கோடிக்கும் அதிகமான முகவரிகள் அந்த வீட்டைச் சுட்டின. திருட்டு, மோசடி என்று விசாரிக்க வந்த பொலிஸாரும் கோபத்தில் வந்த அந்நியர்களும் அந்தக் குடும்பத்தைப் பல வருடம் அலைக்கழித்தார்கள். 2016இல் இது செய்தியான பிறகுதான் புள்ளியை ஒரு ஏரிக்கு நகர்த்தினார்கள்.

தங்குமிடத்தின் பக்கம் இப்போது இப்படி வேலை செய்கிறது. `country`, `registered_country`, நேர வலயப் பெயர் மூன்றும் இலங்கை என்றால் ரூபாய் விலை நேராகத் திறக்கும். மூன்றும் வேறொரு நாட்டில் ஒத்துப்போனால் டொலர் திறக்கும். கலந்து வந்தால் இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும், விருந்தினரே தேர்ந்தெடுப்பார். எந்த நிலையிலும் மாற்றும் பொத்தான் மேலே இருக்கும். உள்நாட்டு விலைக்கு உரியவரா என்பதை வந்து இறங்கும்போது அடையாள அட்டையைப் பார்த்து உரிமையாளர் முடிவு செய்கிறார். தரவுக்கோப்பை வாரம் ஒருமுறை சேர்வர் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது.